ஏழுக்குள் ஒளிந்திருக்கும் பன்னிரண்டு

x² + 7x + 10 என்ற கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. பெருக்கினால் 10, கூட்டினால் 7. அப்படிப்பட்ட இரண்டு எண்கள் 2, 5 என்று சட்டெனச் சொல்லி, (x + 2)(x + 5) என்று எழுதிவிடுவார்கள். சில கணக்குகள் தள்ளி 6x² + 7x − 10 வரும்போதுதான் பேனா நிற்கும். பழகிய வழியிலேயே போய், பெருக்கினால் −10, கூட்டினால் 7 வரும் எண்களைத் தேடுவார்கள். 10, −1 என்றால் கூடுதல் 9. 5, −2 என்றால் 3. ஏழு வருவதே இல்லை. x²-க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த 6 கணக்கைக் குலைத்துவிட்டது.

இந்த இடத்தில் வகுப்பில் சொல்லித்தரும் வழிக்கு 'நடு உறுப்பைப் பிரித்தல்' என்று பெயர். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கு, அந்தப் பெருக்கற்பலன் வரும்படி நடு எண்ணை இரண்டாகப் பிரி, பிறகு இரண்டிரண்டு உறுப்பாகச் சேர்த்துப் பொதுவானதை வெளியே எடு என்பார்கள். வழி சரிதான். ஆனால் 6-ஐயும் 10-ஐயும் எதற்காகப் பெருக்க வேண்டும்? அவை கோவையின் இரு கோடிகளில் இருப்பவை. நடுவில் இருக்கும் 7-க்கும் அவற்றின் பெருக்கற்பலனுக்கும் என்ன உறவு? பெரும்பாலும் இதை யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த வழி, தேர்வு முடிந்த கையோடு மறந்துபோகிறது. அந்தக் காரணத்தைப் பார்ப்பதற்கு இயற்கணிதம் அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு அடைப்புக்குறிகளைப் பெருக்கத் தெரிந்தால் போதும்.

ஆகவே, காரணிப்படுத்துவதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் பெருக்கிப் பார்ப்போம். (3x + 2)(2x + 5) என்று எடுத்துக்கொள்வோம். முதல் அடைப்பில் உள்ள ஒவ்வொன்றும் இரண்டாவது அடைப்பில் உள்ள ஒவ்வொன்றையும் பெருக்கும். அதனால் நான்கு உறுப்புகள் கிடைக்கும்.

6x² + 15x + 4x + 10

15x, 4x இரண்டிலும் x இருப்பதால் அவற்றைக் கூட்டி 19x என்று எழுதுகிறோம். விடை 6x² + 19x + 10. இந்தக் கடைசி வரியில்தான் ஒரு தகவல் தொலைந்துபோகிறது. 19 என்ற எண்ணைப் பார்த்து அது 15-ம் 4-ம் சேர்ந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 10-ம் 9-ம் சேர்ந்தும் வந்திருக்கலாம், 18-ம் 1-ம் சேர்ந்தும் வந்திருக்கலாம். காரணிப்படுத்துவது என்பது இந்தத் தொலைந்த தகவலை மீட்பதுதான். நான்கு உறுப்புகளும் திரும்பக் கிடைத்துவிட்டால் மிச்ச வேலை தானாக நடந்துவிடும்.

நல்லவேளையாக, தகவல் முழுவதும் தொலைந்துவிடவில்லை. கூட்டுவதற்கு முன்பிருந்த அந்த நான்கு உறுப்புகளைத் திரும்பவும் பாருங்கள். நடுவில் உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால் 15 × 4 = 60. கோடிகளில் உள்ள இரண்டைப் பெருக்கினால் 6 × 10 = 60. இரண்டும் ஒன்றே. இது தற்செயல் இல்லை. 15 எங்கிருந்து வந்தது? 3-ஐயும் 5-ஐயும் பெருக்கியதால். 4 வந்தது 2-ஐயும் 2-ஐயும் பெருக்கியதால். ஆக நடுவில் இருப்பவற்றின் பெருக்கற்பலன் 3 × 5 × 2 × 2. கோடிகளில் உள்ள 6 என்பது 3 × 2, 10 என்பது 2 × 5. அவற்றின் பெருக்கற்பலன் 3 × 2 × 2 × 5. அதே நான்கு எண்கள்தான் வேறு ஜோடியாக நிற்கின்றன. அடைப்புகளுக்குள் எந்த நான்கு எண்கள் இருந்தாலும் இப்படித்தான் நடக்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பெருக்கப்படுவது அந்த நான்கு எண்கள்தான்.

ஆகவே 19 என்பது எந்த இரண்டு எண்களின் கூடுதல் என்பதை அந்த 19 மட்டும் சொல்லாது. ஆனால் கோடிகளில் இருக்கும் 6-ம் 10-ம் கூடச் சேர்ந்து சொல்லிவிடும்: தேடும் எண்களைக் கூட்டினால் 19, பெருக்கினால் 60. முதல் கெழு 1 ஆக இருக்கும் எளிய கணக்குகளிலும் நாம் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அங்கே 1 × 10 = 10 என்பதால், பெருக்கியதே தெரியாமல் போயிற்று. எளிய கணக்குக்கு ஒரு விதி, கடினமான கணக்குக்கு வேறொரு விதி என்று இரண்டு கிடையாது.

இப்போது பேனா நின்ற இடத்துக்குப் போவோம்: 6x² + 7x − 10. கோடிகளின் பெருக்கற்பலன் 6 × (−10) = −60. இங்கே குறியையும் சேர்த்தே பெருக்க வேண்டும். 60 என்று மட்டும் எழுதிக்கொண்டு, குறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுபவர்கள் பிறகு பார்ப்பதேயில்லை. பெருக்கினால் −60, கூட்டினால் 7 வரும் இரண்டு எண்கள் வேண்டும். பெருக்கற்பலன் குறை எண் என்பதால் ஒன்று மிகை, மற்றது குறை. கூடுதல் +7 என்பதால், அளவில் பெரியதுதான் மிகையாக இருக்க வேண்டும். அதாவது குறிகளை மறந்துவிட்டுப் பார்த்தால், பெருக்கினால் 60 வந்து ஒன்றுக்கொன்று 7 வித்தியாசம் உள்ள இரண்டு எண்களைத் தேடுகிறோம்.

60-க்கு 1 × 60, 2 × 30, 3 × 20 என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். ஆறு ஜோடிகள் வரும், தேடி எடுத்துவிடலாம். ஆனால் எண் பெரிதாகும்போது இந்த வரிசை நீண்டுவிடும். அதற்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு, நம் பாடப்புத்தக வகுப்புகளில் இதை அதிகம் கேட்டதில்லை. நடு எண்ணான 7 ஒற்றைப்படை. இரண்டு இரட்டைப்படை எண்களைக் கூட்டினாலும் சரி, இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினாலும் சரி, வருவது இரட்டைப்படைதான். ஆகவே நாம் தேடும் எண்களில் ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை. 60 = 2 × 2 × 3 × 5. இதில் உள்ள இரண்டு 2-களும் ஒரே எண்ணுக்குள் இருந்தாக வேண்டும். ஆளுக்கொன்றாகப் போனால் இரண்டு எண்களுமே இரட்டைப்படையாகிவிடும். ஆகவே இரட்டைப்படை எண் 4, 12, 20, 60 இவற்றில் ஒன்று. அவற்றின் ஜோடிகள் முறையே 15, 5, 3, 1. வித்தியாசம் 7 வருவது 12-க்கும் 5-க்கும். குறிகளைத் திரும்பப் போட்டால் +12, −5.

இப்போது 7x என்பதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் 12x − 5x என்று எழுதுகிறோம். மதிப்பு மாறவில்லை, எழுதும் விதம்தான் மாறியிருக்கிறது.

6x² + 12x − 5x − 10

முதல் இரண்டு உறுப்புகளில் 6x பொது. வெளியே எடுத்தால் உள்ளே x + 2. அடுத்த இரண்டில் −5 பொது. வெளியே எடுத்தால் உள்ளே x + 2.

6x(x + 2) − 5(x + 2)

இரண்டிலும் அதே அடைப்பு இருக்கிறது. அதையும் பொதுவாக எடுத்தால் விடை (x + 2)(6x − 5). சரிபார்க்க வேண்டுமானால் பெருக்கிப் பார்க்கலாம்: 6x² − 5x + 12x − 10. நடுவில் 7x, கடைசியில் −10. சரி.

இரண்டு இடத்திலும் x + 2 வந்தது எப்படி என்று ஒரு கணம் நிற்பது நல்லது, ஏனென்றால் முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 6-ம் 12-ம் முதல் ஜோடி. இரண்டாவது முதலாவதைப்போல இரண்டு மடங்கு. −5-ம் −10-ம் அடுத்த ஜோடி. அங்கேயும் இரண்டு மடங்கு. விகிதம் ஒன்றாக இருப்பதால்தான், பொதுவானதை எடுத்த பிறகு மிஞ்சும் அடைப்பும் ஒன்றாக இருக்கிறது. விகிதம் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் நாம் தேர்ந்தெடுத்த பெருக்கற்பலன். 12 × (−5) என்பதும் 6 × (−10) என்பதும் சமம் என்றாலே 6-க்கு 12 எப்படியோ −5-க்கு −10 அப்படி என்று ஆகிவிடுகிறது. விகித சமத்தில் குறுக்கே பெருக்கினால் சமமாக வரும் என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, அதேதான்.

வேறு மாதிரி பிரித்தால் என்ன ஆகும்? 7x-ஐ 10x − 3x என்று எழுதுவதில் தவறேதும் இல்லை, கூடுதல் 7 வருகிறது. ஆனால் பொதுவானதை எடுத்துப் பாருங்கள். 6x² + 10x − 3x − 10 என்பது 2x(3x + 5) − 1(3x + 10) என்று முடிகிறது. ஒரு அடைப்பில் 3x + 5, இன்னொன்றில் 3x + 10. இதற்கு மேல் நகர முடியாது. 10-ஐயும் −3-ஐயும் பெருக்கினால் −30 வருகிறது, −60 வரவில்லை. அதனால்தான் விகிதம் ஒத்துப்போகவில்லை. ஆக இந்த முறைக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது: அடைப்புகள் இரண்டும் ஒன்றாக வராவிட்டால், எண்களைத் தவறாக எடுத்திருக்கிறோம் அல்லது குறியில் எங்கோ சறுக்கியிருக்கிறோம். விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன்பே தவறு தெரிந்துவிடும்.

12x முதலில் வர வேண்டுமா, −5x முதலில் வர வேண்டுமா என்று குழம்பும் பிள்ளைகள் உண்டு. எப்படி எழுதினாலும் சரிதான். மாற்றி எழுதினால் 6x² − 5x + 12x − 10. முதல் இரண்டில் x பொது, அடுத்த இரண்டில் 2 பொது: x(6x − 5) + 2(6x − 5). விடை அதே (6x − 5)(x + 2). இம்முறை பொதுவாக வந்த அடைப்பு வேறு, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், குறை எண் உள்ள உறுப்பை இரண்டாவது இடத்தில் வைப்பதே இந்தக் கோவையில் வசதி. மூன்றாம் உறுப்பு மிகையாகிவிட்டால் குறித் தொல்லை பாதி குறையும்.

குறித் தொல்லை என்றேன். அது உண்மையாகத் தலைதூக்குவது நடு உறுப்பு குறையாகவும் கடைசி உறுப்பு மிகையாகவும் இருக்கும் கணக்கில்தான். 24x² − 41x + 12 என்ற கோவையைப் பாருங்கள். 24 × 12 = 288. பெருக்கற்பலன் மிகை, கூடுதல் குறை, ஆகவே இரண்டு எண்களுமே குறை எண்கள். 288-க்கு மொத்தம் ஒன்பது ஜோடிகள் உண்டு. ஆனால் 41 ஒற்றைப்படை. 288 = 32 × 9 என்பதால் 32-க்குள் இருக்கும் ஐந்து 2-களும் பிரியாமல் ஒரே பக்கம் நிற்க வேண்டும். மிச்சம் இருப்பவை மூன்றே மூன்று: 32-ம் 9-ம், 96-ம் 3-ம், 288-ம் 1-ம். முதல் ஜோடியின் கூடுதலே 41. எண்கள் −32, −9.

24x² − 9x − 32x + 12

முதல் இரண்டில் 3x பொது: 3x(8x − 3). அடுத்த இரண்டில்தான் கை நழுவும் இடம். −32x + 12 என்பதிலிருந்து 4-ஐ மட்டும் எடுத்தால் 4(−8x + 3) என்று வரும். முதல் அடைப்போடு இது பொருந்தவில்லை. சிலர் அவசரத்தில் −4(8x + 3) என்று எழுதிவிடுவார்கள், அது தவறு. −4-ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் குறியும் மாற வேண்டும். −32x என்பது 8x ஆகிறது, +12 என்பது −3 ஆகிறது. −4(8x − 3). இப்போது இரண்டு அடைப்பும் ஒன்று. விடை (3x − 4)(8x − 3). நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மூன்றாவது உறுப்பு மைனஸில் தொடங்கினால் அந்த மைனஸையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும்.

இதைவிடப் பரவலான தவறு ஒன்று உண்டு. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் எண்களைச் சரியாகவே கண்டுபிடித்திருப்பார்கள். 6x² + 7x − 10-க்கு 12, −5 என்று கண்டுபிடித்த கையோடு (x + 12)(x − 5) என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுவார்கள். எளிய கணக்குகளில் அப்படித்தானே செய்தோம் என்ற பழக்கம். பெருக்கிப் பார்த்தால் x² + 7x − 60. 6x² இல்லவே இல்லை. ஆனால் இந்தத் தவறுக்குள் ஒரு உண்மை இருக்கிறது, அதை வீணாக்க வேண்டாம். நமது கோவையை முழுவதுமாக 6-ஆல் பெருக்குங்கள்: 36x² + 42x − 60. இதில் 36x² என்பது 6x-இன் வர்க்கம். 42x என்பது 7 தடவை 6x. ஆக 6x-ஐ ஒரே பொருளாக, y என்று வைத்துக்கொண்டால், கோவை y² + 7y − 60 ஆகிவிடுகிறது. முதல் கெழு 1! இதன் காரணிகள் (y + 12)(y − 5). y-இன் இடத்தில் 6x-ஐத் திரும்ப வைத்தால் (6x + 12)(6x − 5). நாம் 6-ஆல் பெருக்கியதால் இப்போது 6-ஆல் வகுக்க வேண்டும். முதல் அடைப்பில் 6 பொதுவாக இருக்கிறது, வகுத்தால் x + 2. கிடைப்பது (x + 2)(6x − 5). ஆக அந்தப் பிள்ளை எழுதிய x-கள் உண்மையில் 6x-கள். ஒரு படி குறைந்துவிட்டது, அவ்வளவே. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஏன் பெருக்குகிறோம் என்ற கேள்விக்கு இது இரண்டாவது விடை.

எல்லா உறுப்புகளிலும் பொதுவாக ஒரு எண் இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 12x² + 14x − 20-இல் 2 பொது. எடுக்காமல் போனால் −240-க்கு ஜோடி தேட வேண்டும். தேடி முடித்தாலும் (12x − 10)(x + 2) என்று வந்து, முதல் அடைப்புக்குள் ஒரு 2 எடுக்கப்படாமல் மாட்டிக்கொண்டிருக்கும். x²-க்கு முன்னால் மைனஸ் இருந்தாலும் இப்படித்தான். −1-ஐ முதலில் வெளியே எடுத்துவிட்டால் குறிகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும்.

இனி, ஜோடி தேடுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். பெருக்கற்பலனும் வித்தியாசமும் தெரிந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பது மிகப் பழைய கணக்கு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒய்.பி.சி. 6967 என்ற எண்ணிட்ட களிமண் பலகை ஒன்று இருக்கிறது. பாபிலோனியர்கள் கி.மு. 2000-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆப்பெழுத்தில் எழுதியது. நாய்கபாவர், சாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1945-இல் அதைப் படித்து வெளியிட்டார்கள். பலகையில் உள்ள கணக்கு இது: இரண்டு எண்களின் பெருக்கற்பலன் 60, ஒன்று மற்றதைவிட 7 அதிகம், எண்கள் எவை? நாம் இப்போது தேடிய அதே 12-ம் 5-ம்தான். அவர்களுக்குக் குறை எண்கள் கிடையாது, ஆகவே +12, −5 என்று அவர்கள் யோசிக்கவில்லை. x, y என்ற எழுத்துகளும் கிடையாது. ஆனால் அவர்கள் ஜோடிகளை வரிசையாக எழுதித் தேடவும் இல்லை. பலகை சொல்லும் வழி: 7-ஐப் பாதியாக்கு, 3.5. அதை அதாலேயே பெருக்கு, 12.25. அதோடு 60-ஐக் கூட்டு, 72.25. அதன் வர்க்கமூலம் 8.5. இதோடு 3.5-ஐக் கூட்டினால் ஒரு எண், கழித்தால் மற்ற எண். 12, 5. (எண்களை அவர்கள் அறுபதின் அடிமானத்தில் எழுதினார்கள். நான் நமது முறைக்கு மாற்றியிருக்கிறேன்.)

இந்த வழியை நமது கணக்குக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டால் தேடும் வேலையே இல்லாமல் போகிறது. தேடும் இரண்டு எண்களை p, q என்போம். அவற்றின் கூடுதல் தெரியும், பெருக்கற்பலன் தெரியும். வித்தியாசம் தெரிந்துவிட்டால் இரண்டையும் எழுதிவிடலாம். அந்த வித்தியாசத்தைத் தருவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த முற்றொருமைதான்:

(p − q)² = (p + q)² − 4pq

நமது கோவையில் கூடுதல் 7, பெருக்கற்பலன் −60. 49 + 240 = 289. அது 17-இன் வர்க்கம். ஆக இரண்டு எண்களுக்கும் இடையே 17 வித்தியாசம். கூடுதல் 7, வித்தியாசம் 17. பெரிய எண் இரண்டின் கூடுதலில் பாதி, 12. சிறியது 7 − 12 = −5. (பாபிலோனியர்களின் 8.5 இந்த 17-இல் பாதி என்பதைக் கவனித்திருப்பீர்கள்.) 24x² − 41x + 12-க்கும் போட்டுப் பாருங்கள். 41-இன் வர்க்கம் 1681. அதிலிருந்து 4 × 288 = 1152-ஐக் கழித்தால் 529. அது 23-இன் வர்க்கம். 41-ம் 23-ம் சேர்ந்தால் 64, பாதி 32. மற்றது 9. குறிகளைப் போட்டால் −32, −9.

பத்தாம் வகுப்பில் தன்மைகாட்டி என்ற பெயரில் வரும் b² − 4ac இதுவேதான். அங்கே அது சூத்திரத்தின் வர்க்கமூலக் குறிக்குள் உட்கார்ந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பலர் அதைப் படிக்கிறார்கள். நடு உறுப்பு எந்த இரண்டாகப் பிரிகிறதோ அவற்றின் வித்தியாசத்துடைய வர்க்கம் என்று பார்த்தால் அதில் புதிர் எதுவும் இல்லை.

இதிலிருந்தே முறையின் எல்லையும் தெரிந்துவிடுகிறது. கெழுக்கள் முழு எண்களாக இருக்கும்போது, நடு உறுப்பு முழு எண்களாகப் பிரிய வேண்டுமானால் அந்த வித்தியாசமும் முழு எண்ணாக இருக்க வேண்டும். அதாவது b² − 4ac முழு வர்க்கமாக இருக்க வேண்டும். 6x² + 7x − 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எண்ணை ஒன்றே ஒன்று மாற்றியிருக்கிறேன். 49 + 264 = 313. 17-இன் வர்க்கம் 289, 18-இன் வர்க்கம் 324. நடுவில் மாட்டிக்கொண்ட 313 எதன் வர்க்கமும் இல்லை. −66-க்கு எவ்வளவு நேரம் ஜோடி தேடினாலும் 7 வராது. அரை மணி நேரம் தேடிவிட்டு, தனக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவுகட்டும் பிள்ளைக்கு இந்த ஒரு வரிக் கூட்டல் எவ்வளவோ மிச்சப்படுத்தும். இந்தக் கோவைக்கு x-இன் மதிப்பு வேண்டுமென்றால் சூத்திரத்துக்குப் போக வேண்டும்.

சில நேரம் அந்த ஒரு வரியும் தேவைப்படாது. 2x² + 8x + 5-இல் பெருக்கற்பலன் 10, கூடுதல் 8. பெருக்கற்பலன் இரட்டைப்படை என்பதால் இரண்டும் ஒற்றைப்படையாக இருக்க முடியாது. கூடுதல் இரட்டைப்படை என்பதால் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை என்றும் இருக்க முடியாது. ஆக இரண்டுமே இரட்டைப்படை. அப்படியானால் அவற்றின் பெருக்கற்பலன் 4-ஆல் வகுபட வேண்டும். 10 வகுபடாது. பிரியாது, முடிந்தது.

6x² + 7x + 10-ஐப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நாம் பிரித்த கோவையில் ஒரு குறி மட்டும் மாறியிருக்கிறது. இப்போது தேட வேண்டியது, கூட்டினால் 7-ம் பெருக்கினால் 60-ம் வரும் இரண்டு எண்களை. 1-ம் 6-ம் என்றால் பெருக்கற்பலன் 6. 2-ம் 5-ம் என்றால் 10. 3-ம் 4-ம் என்றால் 12. எண்கள் ஒன்றையொன்று நெருங்க நெருங்கப் பெருக்கற்பலன் கூடுகிறது. இரண்டும் 3.5 ஆகிவிட்டால் 12.25. அதற்கு மேல் ஏற வழியில்லை. ஒன்றைக் குறை எண்ணாக்கினால் பெருக்கற்பலனே குறையாகிவிடும். 60-க்கு எட்டவே முடியாது. முழு எண்களை விட்டுவிட்டுப் பின்னங்களிலும் வர்க்கமூலங்களிலும் தேடினாலும் இந்த 7 பிரியாது. b² − 4ac-ஐப் போட்டுப் பார்த்தால் 49 − 240, குறை எண். எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் அப்படி வராது.